இது கானாவா, பைலாவா?

குன்னூரில் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு இது கானாதானா என்று மணிக்கணக்கில் சண்டை போட்டோம் என்றால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். வடசென்னைக்கும் எங்கள் தேயிலை மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் கேரட்டில் இருக்கிறது. இங்கே விளையும் கேரட்டும் முட்டைகோஸும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து கோயம்பேடு போகிறது. லோடு இறங்கும் வரை காத்திருக்கும் டிரைவர்கள் அங்கே கேட்ட பாட்டைப் போனில் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். சினிமாவில் வராத பாட்டெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்படி வந்த ஒன்றுதான் இது. ஒரு லாரி டிரைவரின் பென் டிரைவில், பெயர் இல்லாமல், வெறும் எண்ணோடு கிடந்த நாலு நிமிடப் பதிவு. ஒரே குரல், ஒரு தோல் வாத்தியம், அடியில் ஒரு கம்பி வாத்தியம், பின்னால் நாலைந்து பேரின் பேச்சு. நான் இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவன். அதற்கு முன்பு சில காலம் வியாசர்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன், ராத்திரி கானா நடக்கும் வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதனால் டிரைவர் என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணா, இது கானாதானுங்களே? எங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் மாமியார் வீடு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அந்த வீட்டுப் பாட்டி பதுளைப் பக்கம் பிறந்தவர். பாட்டைக் கேட்டதும் காலைத் தட்டிக்கொண்டு, "இது எங்கட பைலாதானே தம்பி, மனோகரன் பாடுவாரே, அந்த மாதிரி" என்று விட்டார். பைலா இலங்கையின் துள்ளல் பாட்டு, சிலோன் மனோகரின் 'சுராங்கனி'யைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. டிரைவரின் கூட்டாளி ஒருவர் படுகர். அவருக்கு இது அவர்கள் ஊர் விசேஷத்தில் வட்டமாக நின்று ஆடுகிற தாளம் போலவே பட்டது, பாஷைதான் வேறு என்றார். டிரைவரின் மகன், "சாவுக் குத்துப்பா, இதுல என்ன ஆராய்ச்சி" என்று முடித்துவிட்டான்.

மூன்று பேரும் சும்மா சொல்லவில்லை. மூன்று பேரின் காலும் தட்டியது ஒரே கணக்கைத்தான். ஆறு தட்டு, மூன்று மூன்றாகப் பிரிந்தது. ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. பைலாவும் அதில்தான் ஓடுகிறது, சாவுக்கு அடிக்கிற பறையும் பெரும்பாலும் அதில்தான், கானாவில் பாதிக்கு மேல் அதில்தான். (கானா எல்லாமே ஆறில் வராது. நாலில் வருவதும் உண்டு, இப்போது கீபோர்டு வைத்துப் பாடுகிறவர்களிடம் அது நிறைய.) ஆகவே தாளத்தின் கணக்கை மட்டும் எண்ணி இது இன்னது என்று சொல்ல முடியாது. அந்த ஆறுக்குள் யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பாட்டியின் பைலாவை முதலில் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அதுதான் உண்மையிலேயே கிட்டே வந்தது. பைலாவின் துள்ளல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய உங்கள் இரண்டு கையும் போதும். வலது கையால் ஒன்றிலும் நாலிலும் தட்டுங்கள். இடது கையால் ஒன்று, மூன்று, ஐந்தில் தட்டுங்கள். ஒரே நேரத்துக்குள் ஒரு கை இரண்டும் இன்னொரு கை மூன்றும் போடுகிறது. இந்த இரண்டும் மூன்றும் இடித்துக்கொள்வதில்தான் இடுப்பு தானாக அசைகிறது. கிட்டார் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், தோல் வாத்தியம் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். பாடுகிறவர் அதன் மேல் சுகமாகச் சவாரி செய்வார், வரி முடிந்ததும் கூட்டம் சேர்ந்து திருப்பிப் பாடும்.

டிரைவரின் பதிவில் அந்த மூன்று கிடையாது. ஒன்றும் நாலும் மட்டும் அழுத்தமாக விழுகிறது. நடுவில் விரல் ஓட்டம் மெல்லிசாக இருக்கிறது, பாடகர் வாய் திறந்திருக்கும் நேரமெல்லாம் அது இன்னும் அடங்கிவிடுகிறது. வரி முடிந்து இயைபுச் சொல் விழுந்த உடனே வாத்தியக்காரர் எழும்பி ஒரு உருட்டு கொடுக்கிறார், மறுபடி அடங்குகிறார். அதாவது வாத்தியம் சொல்லுக்கு வழி விடுகிறது. இதுதான் நான் முதலில் பிடித்த நூல். கானா உட்கார்ந்து கேட்கிற பாட்டு. இறந்தவர் வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும், அதற்காகப் பாடுகிறார்கள், அடுத்த வரியில் என்ன சொல்லப் போகிறான் என்று கூட்டம் காது கொடுக்கிறது. சொல் கேட்கவில்லை என்றால் பாட்டே இல்லை.

மகன் சொன்ன சாவுக் குத்து இந்த இடத்திலேயே கழன்றுவிடும். பறை அடி தெருவில் நடந்துகொண்டே ஆடுவதற்கானது. அதன் வேகத்தில் வரி வரியாகக் கதை சொல்ல இடமே இருக்காது. படுகர் ஆட்டப் பாட்டிலும் ஆடுகிறவர்களின் கால்தான் முதலாளி, வட்டத்தில் அடி மாறுகிற இடத்துக்குத் தாளம் வந்து நிற்கும். இரண்டும் ஆட்டத்துக்காக ஓடுகிற தாளம்.

இந்தக் குழப்பத்துக்குச் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1990களில் தேவா இசையில் கானா திரைக்குப் பரவலாக வந்தபோது அது பெரும்பாலும் ஆட்டக் காட்சிக்குத்தான் வந்தது. வேகம் கூடியது, கோரஸ் சேர்ந்தது. 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடியதையும் ஊர் முழுக்க ஆடித்தான் தீர்த்தோம். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மலையில் வளர்ந்த ஒரு பையனுக்குக் கானா என்றால் ஆடுகிற பாட்டு என்றுதான் பதிந்திருக்கும், உட்கார்ந்து பாடுகிற மந்தமான கானாவைக் கேட்டால் அவனுக்கு அது கானா என்றே தெரியாது.

அடுத்தது குரல். கரடுமுரடான குரல் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிவில் நான் ரொம்ப நேரம் செலவழித்தது இதில்தான், ஏனென்றால் போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த பதிவில் யார் பாடினாலும் குரல் கரகரக்கும். மைக் தாங்காமல் உடைகிற ஒலி வேறு, தொண்டையே அப்படி இருப்பது வேறு.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மைக் உடைந்தால் குரலோடு சேர்ந்து வாத்தியமும் பின்னால் பேசுகிறவர்களும் உடைவார்கள். சத்தம் பெரிதாகும் இடத்தில் மட்டும் எல்லாமே ஒரே மாதிரி நொறுங்கும். அதோடு, போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்குவதால், வாத்தியத்தில் பலமாக ஒரு அடி விழுந்ததும் குரல் ஒரு நொடி அமுங்கி மறுபடி எழும்பும். கேட்கிறவருக்குப் பாடகர் திணறுவது போல் இருக்கும். நான் ஹெட்போனில் வைத்து, வாத்தியம் ஓய்ந்திருக்கிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கேயும் கரகரப்பு இருந்தது. மேல் சுருதிக்கு ஏறும்போது, நெடில் எழுத்தை இழுக்கும்போது, அது வந்தது. கீழே இறங்கி, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி சொல்லும் இடத்தில் குரல் சுத்தமாக இருந்தது. இது மைக் செய்த வேலை இல்லை. நெஞ்சிலிருந்து எழுப்பிய குரலை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போகிறார். மேலே போனதும் குரலைத் தேய்த்து மென்மையாக்கிக்கொள்வது மேடைப் பாடகர்களின் பழக்கம். இவர் அதைச் செய்யவில்லை.

அப்புறம் மூச்சு. பயிற்சி உள்ள பாடகர் வரி முடிந்து மூச்சு எடுப்பார், நமக்குக் கேட்காமலும் எடுப்பார். இவர் வரியின் நடுவிலேயே சத்தமாக மூச்சை இழுக்கிறார். காரணம் புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வரியின் கடைசிச் சொல்லும் வாத்தியத்தின் உருட்டும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். கடைசியில் மூச்சுக்கு நிறுத்தினால் அந்த ஒட்டு விட்டுப்போகும். அதனால் முன்னாலேயே எடுத்துக்கொள்கிறார். வரி முடிகிற இடத்தில் கடைசி எழுத்தைக் கீழே வழுக்கி விடுகிறார், நிறுத்தி வைப்பதில்லை. பைலா பாடுகிறவர்கள் அந்த இடத்தில் சுருதியைப் பிடித்து நிற்பார்கள், கூட்டம் அதில் சேர வேண்டுமே.

பதிவின் தொடக்கத்தில் தாளமே இல்லாமல் இரண்டு வரி இழுத்துப் பாடுகிறார். தொகையறா. அதன் பிறகுதான் தோல் வாத்தியம் நுழைகிறது. கானாவில் இது வழக்கம். ஆனால் நாடகத்திலும் பழைய சினிமாப் பாட்டிலும் தொகையறா உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். தொகையறாவுக்கு அடியில் ஒரு கம்பி வாத்தியம் 'ணிங் ணிங்' என்று உலோகச் சத்தத்தோடு ஓடுவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் அழுத்தி வாசிக்கிற புல்புல்தாரா அது. எங்கள் மலையில் அதைக் கையில் வைத்திருக்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வடசென்னைக் கானா வீடுகளில் டோலக், சட்டி, தபேலாவோடு அது பழைய கூட்டாளி.

இப்போது வரிகள். கஷ்டத்தைப் பாடுகிறார், அதனால் கானா என்று டிரைவர் முதலிலேயே சொன்னார். இருக்கிற சாட்சிகளில் இதைத்தான் நான் கடைசியாக வைப்பேன். கஷ்டத்தைப் பாடாத தொழிலாளி எங்கே இருக்கிறான்? பாட்டிக்குத் தெரிந்த தோட்டப் பாட்டெல்லாம் கஷ்டம்தான். கொழுந்து எடை குறைந்தால் அரை நாள் கூலி மட்டும் எழுதி அரைப்பேர் போடுகிற கணக்கு, கங்காணியின் வசவு, அட்டைக்கடி, கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த அம்மா. கஷ்டத்தை எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது.

பதிவில் தெளிவாகக் கேட்ட இரண்டு ஜோடி வரி இது:

வட்டிக்காரன் வண்டி சத்தம் வாசலாண்ட கேக்குது
எட்டணா இல்லாத வூடு எட்டி எட்டிப் பாக்குது

ரேசன் அரிசி வேகலடா ஸ்டவ்வு மூக்கு அடச்சிகினு
ராத்திரிக்கு நாஸ்தா இன்னா? தண்ணி பாக்கெட் கட்ச்சிகினு

தோட்டப் பாட்டில் கஷ்டம் ஒப்பாரி போல நீளும், அம்மாவையோ மாமனையோ கூப்பிட்டு முறையிடும். இங்கே முறையீடு கிடையாது. வட்டிக்காரனின் வண்டிச் சத்தம், அடைத்துக்கொண்ட ஸ்டவ், தண்ணி பாக்கெட் என்று பொருள் பொருளாக எடுத்து முன்னால் வைக்கிறார். வீட்டில் இருக்கிறவர்களை விட்டுவிட்டு வீடே எட்டிப் பார்க்கிறது என்கிறார். 'நாஸ்தா இன்னா?' என்று கேட்டுவிட்டுப் பதிலை அரை நொடி தள்ளிப் போடுகிறார். பின்னால் இருக்கிறவர்கள் அந்த அரை நொடியில் சிரிக்கத் தயாராகிறார்கள், தண்ணி பாக்கெட் வந்ததும் சிரிப்பு வெடிக்கிறது. பசியைச் சொல்லும் இடத்தில் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது கானாவில் தேறியவர்களின் வேலை. வரிகளைப் பேப்பரில் மட்டும் படித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

பாஷையையும் கவனித்தேன், ஆனால் கொஞ்சம் ஜாக்கிரதையாக. 'கினு', 'இன்னா', 'ஆண்ட' இதெல்லாம் இருந்தால் மெட்ராஸ் பாஷை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவதாலேயே கோயம்புத்தூர்க்காரனும் ஊட்டிக்காரனும் மேடையில் அதைப் போட்டுப் பாடுகிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவர் பாடுவார். அவர் 'நாஸ்தா', 'பேஜார்' என்று சொற்களைச் சரியாகப் போடுவார். ஆனால் 'கடிச்சி' என்பதை 'கடிச்சி' என்றே, நடுவில் இருக்கிற இகரத்தோடு, முழுசாகச் சொல்வார். வடசென்னை நாக்கில் அந்த இகரம் விழுந்துபோய் 'கட்ச்சி' ஆகிவிடும், 'படுத்து' 'பட்த்து' ஆகிவிடும். சொல்லைக் கற்றுக்கொள்ளலாம், விழுகிற உயிரெழுத்தை வேண்டுமென்றே எல்லா வரியிலும் விழ வைப்பது கஷ்டம். இந்தப் பாடகர் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. வரிக்கு அதிகமான எழுத்துகளைத் திணிக்கும்போது அந்த உயிர் விழுவதே அவருக்குத் தாளத்தில் இடம் வாங்கிக் கொடுக்கிறது. 'தண்ணி பாக்கெட் கட்ச்சிகினு' என்பதை இங்கே இருக்கிறவர்கள் பாடிப் பார்த்தால் ஆறு தட்டுக்கு வெளியே வழிந்துவிடும். நான் பாடிப் பார்த்தேன், வழிந்தது.

மெட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பல்லவி ஒரு பழைய இந்திப் பாட்டின் சாயலில் போகிறது. கானாக்காரர்கள் பழைய இந்தி, தமிழ் சினிமா மெட்டில் சொந்த வரி போட்டுப் பாடுவது ரொம்ப நாள் வழக்கம். அதனால் மெட்டைத் துரத்திக்கொண்டு போனால் சினிமாப் பாட்டு கிடைக்கும், இந்தப் பாட்டு கிடைக்காது. டிரைவரின் மகன் ஷாஸாமில் போட்டுப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. வராது. அது தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும், ஒரு வீட்டு வாசலில் போனில் எடுத்தது அதில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. கம்பெனி வெளியிட்ட பதிவு இல்லை போலிருக்கிறது என்பதற்குமேல் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

யார் பாடியது என்பதற்கு ஒரே வழி முத்திரை. கானா பாடுகிறவர் முடிக்கிற வரிகளில் தன் பெயரையோ, ஏரியா பெயரையோ, இறந்தவர் பெயரையோ வைத்துவிடுவார், சில சமயம் மூன்றையும். இந்தப் பதிவின் கடைசியில் 'புளியந்தோப்பு' என்பது தெளிவாகக் கேட்கிறது. அதை அடுத்து ஒரு பெயர் வருகிறது, அதன் மேலேயே ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டது. 'ணி' என்று முடிகிறது என்பது மட்டும் தெரிகிறது. அது பாடகரின் பெயரா, படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கும் ஆளின் பெயரா என்பதையும் வரியின் அமைப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. புளியந்தோப்பு என்றதால் அங்கேதான் பாடினார் என்றும் ஆகாது. புளியந்தோப்புக்காரர் காசிமேட்டில் வந்து பாடினாலும் தன் ஏரியாவைத்தான் சொல்லுவார்.

டிரைவரிடம் இவ்வளவையும் சொன்னேன். கானாதான், இறந்தவர் வீட்டு ராத்திரியாக இருக்கலாம், பாடுகிறவர் வடசென்னைக்காரர், கடைசியில் வருகிற பெயர் யாருடையதோ, அது 'ணி'யில் முடிகிறது. பாட்டி விடுவதாக இல்லை. "நீங்க சொல்றது சரியா இருக்கும் தம்பி, ஆனா எங்கட காலுக்கு இது பைலாதான்" என்றார். அவருடைய கால் இடது கையின் மூன்றையும் தானே போட்டுக்கொள்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பதிவில் இல்லாததை அவர் சேர்த்துக்கொண்டு கேட்கிறார்.

டிரைவர் அடுத்த லோடுக்குப் போகும்போது பதிவைக் கொடுத்த கோயம்பேடு ஆளிடம் முழுப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். இது நடுவில் வெட்டி அனுப்பியது என்பது என் சந்தேகம், ஏனென்றால் மூன்றாவது சரணத்துக்கு முன்னால் சுருதி கொஞ்சம் தாவுகிறது. வெட்டாத பதிவில் பெயர் இன்னொரு முறை வந்திருக்கும்.